2 ஐ அடிமானமாகக் கொண்ட 3 இன் மடக்கை விகிதமுறா எண் என்பதன் நிறுவல்

கணிதத்தில், 2 ஐ எத்தனையாவது அடுக்கிற்கு உயர்த்தினால் 3 கிடைக்கும் என்பதைக் குறிக்கும் எண் log₂ 3 ஆகும். 2¹ = 2, 2² = 4 என்பதால் இதன் மதிப்பு 1 க்கும் 2 க்கும் இடையில் அமையும்; தோராயமாக 1.58496. இது ஒரு விகிதமுறா எண். கணிப்பானில் எத்தனை தசம இலக்கங்களைப் பார்த்தாலும் அது இதற்குச் சான்றாகாது. பகா எண்களைக் கொண்டே இதை நிறுவ முடியும்.

நிறுவல்

log₂ 3 ஒரு விகிதமுறு எண் எனக் கொள்வோம். அது 1 ஐ விடப் பெரியது என்பதால், a, b என்ற நேர்ம முழு எண்களுக்கு log₂ 3 = a/b என எழுதலாம். மடக்கையின் வரையறைப்படி 2 இன் a/b ஆம் அடுக்கு 3 ஆகும். இருபுறமும் b ஆம் அடுக்கிற்கு உயர்த்தினால்,

2ᵃ = 3ᵇ

எனக் கிடைக்கும். இவ்விரண்டும் 1 ஐ விடப் பெரிய ஒரே எண்ணைக் குறிக்கின்றன. இடப்பக்கத்தின்படி அதன் பகாக்காரணிகள் அனைத்தும் 2. வலப்பக்கத்தின்படி அனைத்தும் 3. ஆனால் எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றத்தின்படி, 1 ஐ விடப் பெரிய ஓர் எண்ணைப் பகாக்காரணிகளாகப் பிரிக்கும் முறை, வரிசையைத் தவிர்த்து, ஒன்றே ஒன்றுதான். இது முரண்பாடு. எனவே log₂ 3 விகிதமுறா எண்.

b பூச்சியமாகாது என்பதை மாணவர்கள் பெரும்பாலும் எழுதாமல் விடுவர். 2⁰ = 3⁰ என்பது உண்மையே ஆதலால், அதைக் கூறாவிட்டால் நிறுவல் முழுமையடையாது.

தேற்றம் எங்கு தேவைப்படுகிறது?

2ᵃ இரட்டை எண், 3ᵇ ஒற்றை எண். ஆகவே இரண்டும் சமமாகா என்று சொன்னாலே இங்கு போதும். ஆனால் log₆ 12 ஐ எடுத்துக்கொண்டால் இந்தக் குறுக்குவழி உதவாது. 6ᵃ = 12ᵇ என்பதில் இருபுறமும் இரட்டை எண்கள்; இரண்டுமே 3 ஆல் வகுபடும். காரணிப்படுத்தினால்,

2ᵃ × 3ᵃ = 2²ᵇ × 3ᵇ

ஆகும். பிரிக்கும் முறை ஒன்றே என்பதால் 2 இன் அடுக்குகள் சமமாக வேண்டும்: a = 2b. 3 இன் அடுக்குகளும் அவ்வாறே: a = b. இரண்டும் சேர்ந்தால் b = 0 ஆகிவிடும். ஆகவே log₆ 12 உம் விகிதமுறா எண்ணே.

மாறாக, log₄ 8 இல் 4ᵃ = 8ᵇ என்பது 2²ᵃ = 2³ᵇ ஆகிறது. இங்குள்ள ஒரே நிபந்தனை 2a = 3b; முரண்பாடு எதுவும் எழவில்லை. log₄ 8 = 3/2 என்ற விடையே கிடைக்கிறது.

இசையில்

சட்ஜத்திலிருந்து பஞ்சமத்திற்கு அதிர்வெண் 3/2 மடங்காகும். மேல் சட்ஜத்திற்கு 2 மடங்காகும். பஞ்சமத்திலிருந்து மீண்டும் அதன் பஞ்சமம் என 12 முறை ஏறினால் அதிர்வெண் ஏறத்தாழ 129.75 மடங்காகும், 7 ஸ்தாயி ஏறினால் 128 மடங்காகும். 12 க்குப் பதிலாக m முறை, 7 க்குப் பதிலாக n ஸ்தாயி எனக் கொண்டாலும் இரண்டும் சரியாகப் பொருந்துவதற்கு 3ᵐ = 2ᵐ⁺ⁿ ஆக வேண்டும்; மேற்கண்ட நிறுவலின்படி அது இயலாது.