பன்னிரண்டாயிரம் பனியன் பன்னிரண்டு ஆனது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு ஜெர்மனியிலிருந்து ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பையரின் கணினியிலிருந்து நேரடியாக இறங்கிய சிஎஸ்வி கோப்பு அது. நோட்பேடில் திறந்தால் இப்படித் தெரியும்:

```
BestellNr;Menge;Preis;Betrag;Liefertermin;PLZ
004711;12.000;3,45;41.400,00;05.06.2025;01067
```

ஆர்டர் எண், எத்தனை பீஸ், ஒரு பீஸின் விலை, மொத்தத் தொகை, டெலிவரி தேதி, அஞ்சல் குறியீடு. ஆறே விவரங்கள்தான். இவற்றைக் கம்பெனியின் கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை போலத் தெரிகிறது. ஆனால் ஜெர்மானியர்கள் எண்ணை எழுதும் முறை நம்முடையதற்கு நேர் எதிரானது. நாம் காற்புள்ளி போடும் இடத்தில் அவர்கள் புள்ளி வைப்பார்கள். தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவார்கள். மேலே இருப்பது பன்னிரண்டாயிரம் பீஸ், ஒவ்வொன்றும் மூன்று யூரோ நாற்பத்தைந்து சென்ட், மொத்தம் நாற்பத்தோராயிரத்து நானூறு யூரோ. காற்புள்ளி தசமத்துக்குப் போய்விட்டதால்தான் பத்திகளைப் பிரிக்க அரைப்புள்ளியைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் கோப்பை நம் ஊர்க் கணினியில் இருமுறை கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால், எக்செல் காற்புள்ளி வரும் இடத்திலெல்லாம் வெட்டிவிடும். முதல் கட்டத்தில் `004711;12.000;3`, அடுத்ததில் `45;41.400`, மூன்றாவதில் மிச்சம். பார்த்த மாத்திரத்தில் தலையில் கை வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இது நல்ல பிழை. ஏதோ சரியில்லை என்று யாருக்கும் உடனே தெரிந்துவிடும்.

சத்தம் போடாத பிழைதான் ஆபத்து. கோப்பின் பெயரை `.txt` என்று மாற்றி, அரைப்புள்ளியில் பிரிக்கச் சொல்லித் திறந்தால் பத்திகள் அழகாக வந்து உட்காரும். ஆனால் ஒவ்வொரு பத்தியும் என்ன வகை என்று சொல்லாமல் `General` என்றே விட்டுவிட்டால், எக்செல் தானே ஊகிக்கும். `12.000` என்பது அதற்குப் பன்னிரண்டு. அஞ்சல் குறியீடு `01067`, டிரெஸ்டன் நகரத்தினுடையது, முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தை இழந்து `1067` ஆகும். ஆர்டர் எண்ணுக்கும் அதே கதிதான். எண் போலத் தெரிந்தாலும் கூட்டிக் கழிக்கப் போகாத எதையும் எழுத்தாகத்தான், அதாவது `Text` என்றுதான், உள்ளே கொண்டுவர வேண்டும்.

தேதிக்கு வருவோம். நம்மைப் போலவே ஜெர்மானியர்களும் நாளை முதலில் எழுதுகிறவர்கள். `05.06.2025` என்றால் ஜூன் 5. பிறகு என்ன சிக்கல்? நம் அலுவலகங்களில் பல கணினிகள் வாங்கிய நாள் முதல் அமெரிக்க அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க வழக்கத்தில் மாதம்தான் முதலில். அந்த எக்செல்லுக்குப் புள்ளி வைத்த தேதி புரியாது, வெறும் எழுத்தாக நிற்கும். உடனே யாராவது புள்ளிகளையெல்லாம் சாய்கோடாக மாற்றுவார்கள். `05/06/2025` ஆனவுடன் எக்செல் அதைப் பிடித்துக்கொள்ளும், மே 6 என்று. அதே பத்தியில் `25/06/2025` இருந்தால், இருபத்தைந்தாவது மாதம் கிடையாதே என்று அதை மட்டும் எழுத்தாகவே விட்டுவிடும்.

ஆக, பாதித் தேதி புரண்டும் பாதித் தேதி புரளாமலும் ஒரே பத்தியில் இருக்கும். வருடத்தின் 365 நாட்களில் இப்படிச் சத்தமில்லாமல் புரளக்கூடியவை 132. மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள் 144. அவற்றில் 1/1, 2/2 போன்ற பன்னிரண்டு தேதிகள் புரண்டாலும் அதேதான். கண்டுபிடிப்பது கடினமில்லை. எக்செல் தேதியாக ஏற்றுக்கொண்டவை கட்டத்தின் வலது ஓரம் ஒட்டும், எழுத்தாக நிற்பவை இடது ஓரம் ஒட்டும். இன்னொரு அடையாளமும் உண்டு. ஜூன் மாத டெலிவரிகள் எல்லாம் மே 6, ஜூலை 6, டிசம்பர் 6 என்று விதவிதமான மாதங்களில், ஆனால் எப்போதும் 6-ஆம் தேதியிலேயே விழுந்தால் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன என்று பொருள்.

இதற்குத் தீர்வு ஊகிக்க விடாமல் வடிவத்தை நாமே சொல்லிவிடுவது. எக்செல்லின் இறக்குமதிப் படிகளில் மூன்றாவதில் அந்தப் பத்திக்கு `Date: DMY` என்று தேர்ந்தெடுக்கலாம். அங்கேயே `Advanced` என்ற பொத்தானில் தசமக் குறி எது, ஆயிரக் குறி எது என்றும் சொல்லலாம். ஆர்டர்கள் தினமும் வருமானால் சின்ன நிரல் எழுதிக்கொள்வது மேல்:

```
from datetime import datetime
from decimal import Decimal

d = datetime.strptime("05.06.2025", "%d.%m.%Y").date()
p = Decimal("41.400,00".replace(".", "").replace(",", "."))
```

தேதி `2025-06-05` என்று கிடைக்கும். வருடம், மாதம், நாள் என்ற இந்த வரிசை ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம். இரண்டு அமைப்புகளுக்கு நடுவே தேதியைக் கைமாற்ற இதைவிடப் பாதுகாப்பான வடிவம் இல்லை. தொகையில் வரிசை முக்கியம். முதலில் புள்ளிகளை நீக்கிவிட்டு, பிறகுதான் காற்புள்ளியைப் புள்ளியாக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் நாற்பத்தோராயிரத்து நானூறு யூரோ நாற்பத்தொரு லட்சத்து நாற்பதாயிரம் ஆகிவிடும்.

இனி எந்தப் பத்தி எதற்குப் பொருந்தும் என்ற கேள்வி. `Liefertermin` என்பதைக் கம்பெனி மென்பொருளில் உள்ள ‘டெலிவரி தேதி’யோடு கோத்துவிடுவது இயல்பு. பையர் சொல்வது சரக்கு தன் கிடங்குக்கு வந்து சேரும் நாளாக இருக்கலாம். கம்பெனியில் அது சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் நாள். நடுவே கப்பல் பயணம் பல வாரங்கள். எந்த நிரலும் இதைக் கண்டுபிடித்துத் தராது. மெர்ச்சண்டைசர்தான் பையரிடம் கேட்டு, இன்ன பத்திக்கு இன்ன பொருள் என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்.

அந்தத் தாளில் எழுத வேண்டிய இன்னொன்று நாணயம். கோப்பை மறுபடி பாருங்கள், யூரோ என்று எங்குமே இல்லை. அனுப்பியவருக்கு அது சொல்லாமலே விளங்கும். அதே பையர் நாளைக்கு சுவிஸ் கடைகளுக்கு ஃபிராங்கில் ஆர்டர் தரலாம். அதனால் `EUR` என்ற மூன்றெழுத்துக் குறியைத் தனிப் பத்தியாக நாமே சேர்க்க வேண்டும்.

ரூபாயாக மாற்றும்போது யூரோத் தொகையை அழித்து எழுதக் கூடாது. ஷிப்பிங் பில்லில் சுங்கத்துறை அறிவித்த மாற்று விகிதம் வரும். பணம் வந்து சேரும் நாளில் வங்கி தரும் விகிதம் வேறு. முதலாவது 98 ரூபாய், இரண்டாவது 99.50 என்று வைத்துக்கொண்டால் ₹40,57,200 என்று எழுதிய இடத்துக்கு ₹41,19,300 வரும். அந்த ₹62,100 தவறல்ல, மாற்று விகித லாபம். யூரோத் தொகை, விகிதம், விகிதத்தின் தேதி மூன்றும் தனித்தனியாக இருந்தால்தான் கணக்காளரால் அதை விளக்க முடியும். லட்சக் காற்புள்ளிகள் அச்சில் காட்டுவதற்கு மட்டுமே, சேமிக்கும் எண்ணில் அவை வேண்டாம்.

ஏற்றி முடித்ததும் பீஸை விலையால் பெருக்கி `Betrag` பத்தியோடு ஒப்பிட வேண்டும். காற்புள்ளியை மட்டும் நீக்கிப் படிக்கும் சோம்பேறி நிரல் பன்னிரண்டு பீஸ், 345 யூரோ விலை என்று எடுத்துக்கொள்ளும், பெருக்கினால் 4,140. மொத்தத் தொகையையோ அதே நிரல் 41.4 என்று படித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகாது, அங்கேயே மாட்டிக்கொள்ளும். தேதிக்கு இப்படிப் பெருக்கிப் பார்க்க வழியில்லை. 12-ஆம் தேதிக்குள் வரும் சில வரிகளைத் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் திறந்த மூலக் கோப்போடு கண்ணால் ஒத்துப் பார்க்க வேண்டியதுதான். 25-ஆம் தேதி வரிகளைச் சரிபார்ப்பது வீண் வேலை, அவை எப்படியும் புரண்டிருக்காது.