டாஸுக்கு முன்பே ரேட் ஏன் நகர்கிறது?

1994 செப்டம்பரில் சிங்கர் கோப்பைத் தொடருக்காக ஆஸ்திரேலிய அணி கொழும்பில் தங்கியிருந்தது. ‘ஜான்’ என்ற பெயரை மட்டும் சொல்லிப் பழகிய இந்தியப் பந்தயத் தரகர் ஒருவர் மார்க் வாவுக்கு 4,000 டாலரும் ஷேன் வார்னுக்கு 5,000 டாலரும் கொடுத்தார். தோற்றுக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. ஆடுகளம் எப்படி இருக்கிறது, வானிலை எப்படி என்றுதான் விசாரித்தார். அடுத்த சில மாதங்களில் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியாவுக்கு வந்து ஆடியபோதும் வார்னுக்குத் தொலைபேசியில் இதே கேள்விகள் வந்தன. 1995 தொடக்கத்தில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் இருவருக்கும் அபராதம் விதித்து, விஷயத்தை வெளியே சொல்லாமல் அமுக்கியது. 1998 டிசம்பரில்தான் அது செய்தியானது.

வானிலையைப் பேப்பரிலேயே பார்க்கலாமே, அதற்கு எதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் என்று அன்று பலரும் கேட்டார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பந்தய ரேட் ஏன் ஏறி இறங்குகிறது என்பதற்கான விடையும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆடுகளத்தைக் காலால் மிதித்துப் பார்த்த ஆட்டக்காரருக்கு முதல் நாளே தெரிவது, மற்றவர்களுக்கு மறுநாள் டாஸுக்குப் பிறகுதான் தெரியும். நடுவில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குத்தான் ‘ஜான்’ விலை கொடுத்தார்.

ரேட் என்பது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். சம பலமுள்ள இரண்டு அணிகள் மோதுகின்றன. இரண்டுக்கும் 1.90 என்று செயலியில் காட்டுகிறது. உள்ளூர்த் தரகர் இதையே 90 பைசா என்பார். நூறு ரூபாய் கட்டி ஜெயித்தால், கட்டிய நூறோடு தொண்ணூறு சேர்ந்து வரும். வாய்ப்பு உண்மையிலேயே பாதிக்குப் பாதி என்றால் நியாயமான ரேட் 2.00 ஆக இருக்க வேண்டும். குறைகிற அந்தப் பத்து ரூபாய்தான் நடத்துபவரின் பங்கு. ஒன்றை 1.90 ஆல் வகுத்தால் 52.6 சதவீதம் வருகிறது. இரண்டு அணிக்கும் சேர்த்தால் 105.2. நூறுக்கு மேல் நிற்கிற அந்த ஐந்து சொச்சம், யார் ஜெயித்தாலும் கடைக்காரரின் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

இரண்டு பக்கமும் பணத்தைச் சமமாக வைக்கத்தான் ரேட்டை மாற்றுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். எவ்வளவு பணம் வந்தது என்பதைவிட யாருடைய பணம் வந்தது என்பதைத்தான் அனுபவமுள்ள தரகர் பார்ப்பார். ரசிகர்கள் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று தங்கள் அணி மேல் கட்டுவது கூட்டத்துப் பணம். அது ஆசையில் வருகிற பணம். வருஷக்கணக்கில் கணக்குப் போட்டுக் கட்டி, மொத்தத்தில் லாபம் பார்த்த ஒரு சிலரின் பணம் வேறு. அதை விஷயம் தெரிந்த பணம் என்று சொல்லலாம். அப்படிப்பட்ட ஒருவர் ஒரு பக்கம் கட்டினால், அந்தத் தொகை சிறியதாக இருந்தாலும் தரகர் உடனே ரேட்டைத் திருத்துவார். அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று தனக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வார்.

ஆகவேதான் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு ரேட் திறக்கும்போது, ஒருவர் கட்டக்கூடிய உச்சத் தொகையைக் குறைவாக வைப்பது வழக்கம். அந்த நேரத்து ரேட் ஓர் உத்தேசம்தான். விஷயம் தெரிந்தவர்கள் வந்து சிறு தொகைகளால் அதைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்கிறார்கள். அதற்காக அவர்களிடம் கொஞ்சம் பணம் போனாலும் தரகருக்குக் கவலையில்லை. ரேட் பழுத்த பிறகு, ஆட்டம் நெருங்கும் நேரத்தில் உச்சத் தொகையை உயர்த்துவார். கூட்டத்துப் பணம் பெரும்பாலும் வருவதும் அப்போதுதான்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். அ, ஆ என்று இரண்டு அணிகள், இரண்டுக்கும் 1.90 என்று வைத்துக்கொள்வோம். ஆ அணியின் முக்கியப் பந்துவீச்சாளருக்குத் தொடையில் பிடிப்பு, அவர் ஆடமாட்டார் என்பது ஒருவருக்கு முதல் நாளே தெரிந்துவிடுகிறது. அவர் கணக்கில் அ ஜெயிக்கும் வாய்ப்பு இப்போது 56 சதவீதம். 0.56-ஐ 1.90 ஆல் பெருக்கினால் 1.064. அவர் கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயும் சராசரியில் 106 ரூபாய் 40 காசாகத் திரும்பும். அவர் கட்டுகிறார். அவரைப்போல இன்னும் இரண்டு பேர் கட்டுகிறார்கள். தரகர் அ அணியின் ரேட்டை 1.75-க்கு இறக்கி, ஆ அணியின் ரேட்டை 2.08-க்கு ஏற்றுகிறார்.

மறுநாள் மாலை ஒருவர் இதைப் பார்க்கிறார். 1.90 ஆக இருந்தது 1.75 ஆகிவிட்டது, பெரிய கைகள் அ மேல் கட்டியிருக்கின்றன, நாமும் கட்டுவோம் என்று முடிவெடுக்கிறார். அவர் ஊகித்தது சரி. அணியும் அதே அணி, வாய்ப்பும் அதே 56 சதவீதம். ஆனால் 0.56-ஐ 1.75 ஆல் பெருக்கினால் 0.98 தான் வருகிறது. அவருடைய நூறு ரூபாய் சராசரியில் 98 ஆகத் திரும்பும். சரி, எதிர்ப்பக்கம் போகலாம் என்று ஆ மேல் கட்டினால் 0.44 பெருக்கல் 2.08, அதாவது 91 ரூபாய் 50 காசு. முன்னவருக்கு லாபம் தந்த தகவல் விலைக்குள் ஏற்கெனவே கரைந்துவிட்டது. பின்னால் வந்தவருக்கு எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம்தான்.

இந்தத் தொழிலில் பழுத்தவர்கள் தங்கள் திறமையை வெற்றி தோல்வியை வைத்து அளப்பதில்லை. ஆட்டம் தொடங்கும் நொடியில் நின்ற கடைசி ரேட்டைவிடத் தாங்கள் வாங்கிய ரேட் மேலானதா என்றுதான் பார்ப்பார்கள். கடைசி ரேட் 1.75, தான் வாங்கியது 1.90 என்றால் அந்த ஆட்டத்தில் தோற்றாலும் அவர் கணக்கில் அது சரியான பந்தயம். கடைசி நிமிடத்தில் கட்டுபவரால் இந்த அளவுகோலில் ஒருநாளும் தேற முடியாது. கடைசி ரேட்டைத்தான் அவர் வாங்குகிறார்.

ஐபிஎல் நாட்களில் மாலை ஏழு மணிக்கு டாஸ், ஏழரைக்கு ஆட்டம். அந்த நேரத்தில் தண்டலம் நெடுஞ்சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் கையில் இருக்கும் போன்களைப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் அவர்கள். பலர் வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். டாஸ் விழுந்த சில நொடிகளில் திரையில் எண்கள் குதிக்கின்றன. பனி விழும் என்று எதிர்பார்க்கப்படும் இரவில், டாஸ் வென்ற அணி பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தால் அதன் ரேட் சட்டென்று இறங்கும். 2023 முதல் டாஸுக்குப் பிறகே பதினொருவர் பட்டியலைக் கொடுக்கலாம் என்று ஐபிஎல் விதி மாறியதால், ஆட்டக்காரர் விவரமும் அதே நிமிடத்தில்தான் வெளியே வருகிறது. தண்டலத்தில் நிற்பவரின் போனில் நேரலை சில நொடிகளாவது தாமதமாகத்தான் ஓடும். அவர் டாஸைப் பார்ப்பதற்குள் மைதானத்தில் இருப்பவரின் தகவல் போய்ச் சேர்ந்து, ரேட் மாறி முடிந்திருக்கும்.

‘ரேட் இறங்குது, உடனே போடு’ என்று டெலிகிராம் குழுக்களில் வரும் செய்திகள் இந்த நேரத்தைக் குறிவைத்துத்தான் வருகின்றன. சம்பளம் வந்த வாரத்தில் இந்தப் பையன்களை இழுப்பதும் இதுதான். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மேலே பார்த்த 98 ரூபாய்க் கணக்கைத்தான் அவர்களுக்கு உள்தகவல் என்று விற்கிறார்கள்.

ரேட் நகர்ந்தாலே மேட்ச் பிக்ஸிங் என்ற பேச்சும் நம் ஊரில் அதிகம். பெரும்பாலான நகர்வுகளுக்குச் சாதாரணக் காரணம் இருக்கும். நாள் முழுக்க மெல்ல மெல்ல ஒரு பிரபல அணியின் பக்கம் ரேட் இறங்கினால் அது பெரும்பாலும் ரசிகர் பணம். சென்னை அணி ஆடும் நாட்களில் இப்படி நடந்தால் ஆச்சரியமில்லை. சிலசமயம் கட்டுபவர்களில் பெரும்பாலோர் சென்னை மேல் கட்டியிருக்க, ரேட் எதிர்த்திசையில் நகரும். அந்தப் பக்கம் எண்ணிக்கையில் குறைந்த, ஆனால் விஷயம் தெரிந்த கைகள் இறங்கியிருக்கின்றன என்று அர்த்தம். டாஸ், காயம், மழை, அணி மாற்றம் எதுவும் வெளியாகாத நேரத்தில், பல இடங்களில் ஒரே சமயத்தில் சில நிமிடங்களுக்குள் ரேட் தாவினால்தான் கண்காணிப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்போதும் பின்னால் வரும் செய்தி அதை விளக்கிவிடுகிறதா என்று பார்த்த பிறகே சந்தேகப் பட்டியலில் சேர்ப்பார்கள். சட்டபூர்வமாகப் பந்தயம் நடக்கும் நாடுகளில் யார், எப்போது, எவ்வளவு கட்டினார் என்ற பதிவு இருப்பதால் இது சாத்தியமாகிறது. நம் ஊர்த் தரகரின் பணம் ரொக்கமாகவும் வாய்வார்த்தையாகவும் ஓடுகிறது. அங்கே பின்னோக்கிப் போய்ப் பார்க்க ஏடே கிடையாது.

ஆட்டத்தைத் தோற்றுக் கொடுக்காவிட்டாலும், தகவலைக் கசியவிடுவதே குற்றம் என்பது கொழும்பு விவகாரத்துக்குப் பிறகு கிரிக்கெட் உலகம் கற்றுக்கொண்டது. உள்தகவலை வெளியே சொல்வதை சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் ஊழல் தடுப்பு விதிகள் தனிக் குற்றமாகவே வைத்திருக்கின்றன. ஆட்ட நாளில் வீரர்கள் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதும் இதற்காகத்தான். தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. சென்னை ஐபிஎல் அணியின் நிர்வாகியாக இருந்த குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டியதும் அணித் தகவலைப் பகிர்ந்ததும் நிரூபணமானதாக 2014 பிப்ரவரியில் நீதிபதி முத்கல் குழு அறிக்கை தந்தது. 2015 ஜூலையில் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமையாளர் நிறுவனங்களை இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது.

சரி, யாரோ ஒருவர் உண்மையிலேயே கணக்கில் கெட்டிக்காரராகி, கடைசி ரேட்டைவிட நல்ல ரேட்டில் தொடர்ந்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். உரிமம் பெற்றுத் தொழில் நடக்கும் பிரிட்டனிலேயே பல நிறுவனங்கள் அப்படிப்பட்டவரின் உச்சத் தொகையைச் சில பவுண்டுகளுக்குக் குறைத்துவிடுகின்றன, அல்லது கணக்கையே மூடிவிடுகின்றன. தோற்பவரின் கணக்குக்கு இந்தத் தொந்தரவு வருவதில்லை. இந்தியாவில் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் பணப் பரிமாற்றத்தையும் தடை செய்திருக்கிறது. ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லை, நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும்தான். வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகளும் குழுக்களும் வேறு வேறு பெயரில் தலைகாட்டுகின்றன. அவற்றின் திரையில் தெரியும் ரேட்டைக் கேள்வி கேட்க இங்கே அதிகாரி யாரும் இல்லை. ஜெயித்த பணம் வராவிட்டால் போய்ப் புகார் சொல்ல அந்த நிறுவனத்துக்கு இங்கே அலுவலகமும் இல்லை.