பிரசவத்துக்குப் பிறகு இருமினால் சிறுநீர் கசிகிறதா? 12 வாரப் பயிற்சி அட்டவணை

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க நடையை எட்டிப் போடும்போது, லேசாகச் சிறுநீர் கசிகிறது. குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பிய பெண்கள் பலர் இதை வெளியே சொல்வதில்லை. "புள்ள பெத்தா அப்படித்தான்" என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள். ஆனால், இதற்குப் பயிற்சி இருக்கிறது.

ஏன் கசிகிறது?

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசை. கர்ப்பத்தின் எடையிலும் பிரசவத்திலும் அது தளர்ந்துவிடுகிறது. சிசேரியன் ஆனவர்களுக்கும் இது நேரலாம். அமெரிக்க மகளிர் நல மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இந்தத் தசைக்கான பயிற்சியை வெளியிட்டார். அதனால்தான் 'கெகல் பயிற்சி' என்று பெயர்.

எப்படிச் செய்வது?

முழங்காலை மடக்கி, மல்லாந்து படுக்கவும். வாயுவை அடக்குகிற மாதிரி ஆசனவாயைச் சுருக்கி, கூடவே சிறுநீரை அடக்குகிற மாதிரி முன்பக்கத்தையும் சேர்த்து மேல்நோக்கி இழுக்கவும். பிறகு முழுசாகத் தளர்த்தவும்.

பலர் தவறுவது இங்கேதான். வயிற்றை இறுக்குவார்கள், பிட்டத்தைத் தூக்குவார்கள், மூச்சை அடக்குவார்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, "ஒன்னு, ரெண்டு, மூணு" என வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடைபடாது. வயிறு கல்லாக இறுகுவதும் கைக்குத் தெரிந்துவிடும். கீழ்நோக்கி முக்குவது போல உணர்ந்தால், நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கவும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்யக் கூடாது. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

தினசரி அட்டவணை

சிறுநீர்க்குழாயை எடுத்து, இயல்பாகச் சிறுநீர் கழிக்க முடிந்ததும், வலி இல்லாத அளவில் தொடங்கலாம். காலை, மதியம், இரவு என மூன்று வேளை. பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது.

- 1–2 வாரம்: படுத்தபடி 3 விநாடி இறுக்கம், 3 விநாடி ஓய்வு, 5 முறை.
- 3–6 வாரம்: உட்கார்ந்தபடி 5 விநாடி இறுக்கம், 5 விநாடி ஓய்வு, 8 முறை.
- 7–12 வாரம்: நின்றபடி 10 விநாடி வரை, அதே அளவு ஓய்வு, 10 முறை. கடைசியில் 10 வேகமான சுருக்கங்கள்.

இது பொதுவான அளவுதான். மூன்றாவது வாரத்தில் ஒருவருக்கு 4 விநாடியிலேயே பிடி நழுவினால், அவர் 4-லேயே நிற்கட்டும். எட்டு முறையும் நழுவாமல் வந்த பிறகு 5-க்குப் போகலாம்.

சட்டப்படியான மகப்பேறு விடுப்பு 26 வாரம். பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்திருந்தாலும், பின்னால் 18 வாரம் இருக்கும். 12 வாரப் பயிற்சியை வேலைக்குத் திரும்பும் முன்பே முடித்துவிடலாம்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

மூன்று மாதம் செய்தும் கசிவு குறையாவிட்டாலோ, பிறப்புறுப்பில் ஏதோ இறங்குவது போலிருந்தாலோ, மலம் கசிந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பார்க்கவும். சிறுநீரே வரவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

பயிற்சி கைவந்ததும், இருமல், தும்மல் வருவதற்கு ஒரு நொடி முன்பும், குழந்தையைத் தூக்கும் முன்பும் அந்தத் தசையை இறுக்கிக்கொள்ளவும். கசிவு அங்கேயே நிற்கும் வாய்ப்பு அதிகம்.