காவலாளி எப்போது தூங்குவார்?

ஒரு எளிய கணக்கோடு தொடங்குவோம். ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம்? 24-ஐ 7-ஆல் பெருக்கினால் 168. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் இரவும் பகலும் ஒரு காவலாளி இருக்க வேண்டுமானால், இந்த 168 மணியையும் சிலர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் தேவை?

நான் குடியிருக்கும் இடத்தில் இரண்டு பேரே இருந்தார்கள். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை ஒருவர். மாலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை மற்றவர். ஆளுக்கு வாரம் 84 மணி. வார ஓய்வு என்று எதுவும் கிடையாது. ஒரு சனிக்கிழமை, இரவுக் காவலர் தம் உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக ஒரே ஓர் இரவு விடுப்பு எடுத்தார். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு நான் கீழே இறங்கியபோது, பகல் காவலரான பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார். வாயிற்கதவு திறந்து கிடந்தது. சங்கச் செயலாளர் அவரைக் கடிந்துகொண்டார். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சனி பகல் 12 மணி, சனி இரவு 12 மணி, ஞாயிறு பகல் 12 மணி: 36 மணி நேரம் தொடர்ந்து வேலை! ஒருவருக்குக் கிடைத்த ஒரு நாள் விடுப்பின் விலை அது. பெரியவரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தூக்கமின்மை எவ்வளவு கேடானது என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் டாஸன், ரீட் என்னும் இருவர் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ஒத்துச் செயல்படும் திறமை, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவது தெரிந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்படும் எல்லை 30 மில்லிகிராம்தான்!

'கணக்கு வாத்தியார்தானே, நீங்களே ஒரு முறைப்பட்டியல் போட்டுக் கொடுங்கள்' என்றார் செயலாளர். நான் இயற்பியல் கற்பிப்பவன் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

வாரத்திற்கு 48 மணி என்பது நம் தொழிலாளர் சட்டங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் எல்லை. 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை வருகிறது. அரை மனிதர் கிடைக்க மாட்டார். ஆகவே நான்கு பேர் வேண்டும். கூடுதல் சம்பளத்தை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்ததால் இதற்காக மூன்று கூட்டங்கள் நடந்தன. அந்தக் கதை இங்கே வேண்டாம். முடிவில் பெரியவரோடு ஒரு பட்டாளத்துக்காரர், ஒரு விழுப்புரத்துக்காரர், ஓர் இளைஞர் ஆகிய நால்வர் அமைந்தனர்.

நாளை எட்டு எட்டு மணியாக மூன்று முறைகளாகப் பிரித்தோம். காலை முறை 6 மணி முதல் பிற்பகல் 2 வரை. பிற்பகல் முறை 2 முதல் இரவு 10 வரை. இரவு முறை 10 முதல் காலை 6 வரை. மூவர் வேலை செய்யும்போது நான்காமவர் ஓய்வில் இருப்பார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையிலும் இரண்டு நாள் இருந்து, பிறகு இரண்டு நாள் ஓய்வு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு நாளில் சுற்று முடிந்துவிடும். அந்த எட்டு நாளில் ஆளுக்கு 48 மணி வேலை.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. முறைகள் எந்தத் திசையில் சுழல வேண்டும்? காலை, பிற்பகல், இரவு என்று முன்னோக்கியா? அல்லது இரவு, பிற்பகல், காலை என்று பின்னோக்கியா? எப்படிச் சுற்றினாலும் வேலை நேரம் ஒன்றுதான், ஓய்வு நாளும் இரண்டுதான் என்று தோன்றும். ஒரு தாளை எடுத்து, ஒரு பணி முடிவதற்கும் அடுத்த பணி தொடங்குவதற்கும் உள்ள இடைவெளிகளை எழுதிப் பாருங்கள்.

முன்னோக்கிச் சுற்றினால்: காலை முறை பிற்பகல் 2 மணிக்கு முடிகிறது, மறுநாள் பிற்பகல் முறை 2 மணிக்குத் தொடங்குகிறது. இடைவெளி 24 மணி. பிற்பகலிலிருந்து இரவுக்கு மாறும்போதும் 24 மணி. கடைசி இரவு முடிந்து மறுபடி காலை முறைக்கு வரும்வரை 48 மணி. ஒரே முறை இரண்டு நாள் தொடரும்போது நடுவில் 16 மணி. ஆக 16, 24, 16, 24, 16, 48. மொத்தம் 144.

பின்னோக்கிச் சுற்றினால்: இரவு முறை காலை 6 மணிக்கு முடிகிறது, அன்றே பிற்பகல் 2 மணிக்கு அடுத்த முறை. இடைவெளி 8 மணிதான்! பிற்பகல் முறை இரவு 10 மணிக்கு முடிகிறது. மறுநாள் காலை 6 மணிக்கு வர வேண்டும். மறுபடியும் 8 மணி. இந்த எட்டு மணிக்குள் வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, உறங்கி, திரும்பியும் வர வேண்டும். ஆனால் கடைசியில் ஒரு பெரிய பரிசு காத்திருக்கிறது. காலை முறை 2 மணிக்கு முடிந்தபின் அடுத்த இரவு முறைவரை 80 மணி ஓய்வு. 16, 8, 16, 8, 16, 80. இதன் மொத்தமும் 144தான். கூட்டுத்தொகை மாறவில்லை, பங்கீடுதான் மாறியிருக்கிறது.

திசையில் உடலுக்கும் ஒரு விருப்பம் உண்டு. நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, மிகச் சிறிய உயிரணுக் கொத்து ஒன்று இருக்கிறது. அதுவே உடற்கடிகாரம். வெளிச்சம், மணி எதுவும் தெரியாத அறையில் மனிதரை வைத்துச் சோதித்தால், இது சராசரியாக 24 மணிக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகவே ஒரு சுற்றை முடிக்கிறது. ஆகவே நம்மில் பெரும்பாலோருக்குச் சற்றுத் தாமதமாக உறங்குவது எளிது. வழக்கத்தைவிட முன்னதாக உறங்குவது கடினம். விடுமுறை நாட்களில் நீங்களே கண்டிருப்பீர்கள். முன்னோக்கிய சுழற்சி ஒவ்வொரு மாற்றத்திலும் உறக்கத்தைப் பின்னே தள்ளுகிறது. அதனால் அது உடலுக்கு இசைவானது.

ஆனால் இரண்டு மூன்று இரவுகளில் உடற்கடிகாரம் முழுதாக மாறிவிடும் என்று எண்ணாதீர்கள். அது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரமே நகரும். காவலர் விழித்திருந்தாலும் அவர் உடல் 'இது இரவு' என்றே நினைத்துக்கொண்டிருக்கும். விடியற்காலை நான்கு, ஐந்து மணி அளவில் உடல் வெப்பநிலை அன்றைய நாளின் மிகக் குறைந்த நிலைக்கு இறங்குகிறது; தூக்கமும் அப்போதுதான் அழுத்துகிறது. எங்கள் காவற்குறிப்பேட்டிலேயே இது தெரிந்தது. நள்ளிரவுவரை தெளிவாக இருந்த கையெழுத்து நான்கு மணிக்குக் கோடாகிவிடும். சில நாட்களில் 4 மணிச் சுற்றும் 5 மணிச் சுற்றும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சுற்று நடக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? முதல் இரவில் ஓர் ஆபத்து உண்டு. காலை 7 மணிக்கு எழுந்து, பகலில் உறங்காமல் பணிக்கு வந்தவர், மறுநாள் காலை 6 மணிக்கு 23 மணி நேரம் விழித்திருந்தவர் ஆகிறார். அன்று பிற்பகலில் ஒன்றரை மணி நேரம் உறங்கிவிட்டு வந்தால் நிலைமை எவ்வளவோ மேல்.

முன்னோக்கிய எட்டு நாள் பட்டியலை நால்வரிடமும் பெருமையோடு காட்டினேன். விழுப்புரத்துக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், 48 மணி நேரத்துல பாதி தூங்கவே போயிடும். ஊருக்குப் போய்ப் பிள்ளைங்களைப் பார்த்துட்டு வர முடியாது. அந்த 80 மணிப் பட்டியலே இருக்கட்டும் சார்." மற்ற மூவரும் தலையசைத்தனர். உடலியல் ஒன்று சொல்கிறது. குடும்பம் வேறொன்று சொல்கிறது. நான் கணக்கிட்டது சரி. ஆனால் எதைக் கணக்கிட வேண்டும் என்பதை அவர்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

திசையை மாற்றாமல் ஓய்வை நீட்ட வழி உண்டா? உண்டு. ஒவ்வொரு முறையையும் இரண்டு நாளுக்குப் பதில் மூன்று நாளாக்கினோம். சுற்று 12 நாள் ஆயிற்று. கடைசி இரவு முடிந்து 72 மணி ஓய்வு. மாற்றங்களில் 24 மணி இடைவெளி அப்படியே இருக்கிறது. வாரச் சராசரி 42 மணி. கொடுத்த விலை, தொடர்ந்து மூன்று இரவுகள். நான்காக நீட்டினால் 96 மணி ஓய்வு கிடைக்கும். ஆனால் தொடர்ந்து நான்கு இரவு விழிப்பதைப் பெரியவர் ஏற்கவில்லை. 12-க்கும் 7-க்கும் பொதுக்காரணி இல்லாததால், ஓய்வு நாட்கள் கிழமை மாறி மாறி வந்து, 84 நாளில் எல்லோருக்கும் எல்லாக் கிழமைகளும் சமமாகக் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்காகச் சண்டை இல்லை.

பட்டியலுக்கு உண்மையான சோதனை, திடீர் விடுப்பு. சுற்றின் 7, 8, 9ஆம் நாட்களில் விழுப்புரத்துக்காரருக்கு இரவு முறை. அந்த மூன்று நாளும் இளைஞருக்கு ஓய்வு. 10ஆம் நாள் காலை 6 மணிக்கு அவருடைய காலை முறை தொடங்குகிறது. விழுப்புரத்துக்காரர் 7ஆம் நாள் இரவு விடுப்புக் கேட்டால் தொல்லை இல்லை. அன்று காலை 6 மணிக்குத் தம் கடைசி இரவை முடித்த இளைஞர், 16 மணி இடைவெளிக்குப் பின் அந்த இரவையும் பார்த்துவிட்டு, மீதி 48 மணி ஓய்வெடுப்பார்.

அவர் கேட்டதோ 9ஆம் நாள் இரவு. ஊர்த் திருவிழா; தொடர்ந்து வரும் ஓய்வோடு சேர்த்தால் நான்கு நாள் ஆகுமே! பட்டியலைப் பார்த்த செயலாளர், '9ஆம் நாள் இளைஞருக்கு ஓய்வுதான், அவர் பார்க்கட்டும்' என்று எழுதிவிட்டார். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் 9ஆம் நாள் இரவு முறை முடிவது 10ஆம் நாள் காலை 6 மணிக்கு. அதே நொடியில் இளைஞரின் காலை முறை தொடங்குகிறது. இடைவெளி பூஜ்யம், தொடர்ந்து 16 மணி வேலை. இரவு முறை இரண்டு தேதிகளில் கால் வைத்து நிற்பது. தேதியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. மணியைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

இரவை இரண்டாக வெட்டினோம். 9ஆம் நாள் பிற்பகல் முறையில் இருந்த பட்டாளத்துக்காரர் 10 மணியோடு நிறுத்தாமல் நள்ளிரவு தாண்டி 2 மணிவரை இருந்தார். இளைஞர் 6 மணிக்கு வருவதற்குப் பதில் 2 மணிக்கே பொறுப்பேற்றார். இருவருக்கும் 12 மணி வேலை. அதற்குமேல் யாருக்கும் இல்லை. பட்டாளத்துக்காரரின் அடுத்த பணி 10ஆம் நாள் இரவு 10 மணிக்கு. அவருக்கு 20 மணி இடைவெளி கிடைத்தது. இரவு 2 மணிக்குப் பேருந்து கிடையாது. அதனால் இளைஞர் முன்னிரவிலேயே வந்து காவலர் அறையில் படுத்துக்கொண்டார். அந்த அறையில் மின்விசிறி இல்லை என்பது அன்றுதான் சங்கத்திற்குத் தெரிந்தது.

விழுப்புரத்துக்காரர் இருவருக்கும் நான்கு நான்கு மணி கடன்பட்டார். பட்டாளத்துக்காரரின் கடனை அடுத்த சுற்றிலேயே அடைத்தார். இளைஞருக்குத் திருப்பிக் கொடுக்க அவர் முதலில் குறித்த நாள் கணக்கில் தேறவில்லை. இடைவெளி 8 மணியாகக் குறைந்தது. வேறு நாளைத் தேடி, காவலர் அறைச் சுவரில் கரித்துண்டால் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் இருவருமேதான். என்னைக் கேட்கவில்லை.