எழுபது டாலருக்குள் அடங்காத விளையாட்டு

டெக்சாஸில் டல்லாஸை ஒட்டிய ஃபிரிஸ்கோ நகரில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. போன முறை நான் போயிருந்தபோது அக்கா மகனுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். கையில் எழுபது டாலர் கிஃப்ட் கார்டு ஒன்றைக் கொடுத்தேன். பல மாதமாக அவன் ஏங்கிக்கொண்டிருந்த விளையாட்டின் விலை 69.99 டாலர். டிஸ்க் இல்லாமல் நேரடியாக டவுன்லோடு செய்துகொள்ளும் வகை. "ஒரு சென்ட் மிச்சம் மாமா!" என்று துள்ளிக்கொண்டு போனவன், ஐந்து நிமிஷத்தில் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தான். பணம் கட்டும் பக்கத்தில் 69.99-க்குக் கீழே வரி 5.77 என்று புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. மொத்தம் 75.76. கணக்கில் பணம் போதாது என்று சிவப்பு எழுத்து. "ஏமாத்துறாங்க மாமா" என்றான்.

பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் 'எல்லா வரிகளும் உட்பட' என்று அச்சடித்த விலையைப் பார்த்தே வளர்ந்த எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நம் ஜி.எஸ்.டி. மாதிரி நாடு முழுமைக்குமான விற்பனை வரி அமெரிக்காவில் கிடையாது. நாற்பத்தைந்து மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியாக விற்பனை வரி போடுகின்றன. பல இடங்களில் அதன் மேல் மாவட்டமும் நகரமும் தங்கள் பங்கைச் சேர்த்துக்கொள்ளும். டெக்சாஸ் மாநில வரி 6.25 சதவீதம், உள்ளூர்ப் பங்கு அதிகபட்சம் 2 சதவீதம். ஃபிரிஸ்கோவில் அந்த உச்சத்தைத் தொட்டு 8.25 ஆகிறது. 69.99-க்கு அதைப் போட்டுப் பார்த்தால் 5.77 சரியாக வரும்.

சரி, அதை முதலிலேயே சேர்த்துக் காட்டினால் என்ன? விளையாட்டின் படமும் விலையும் இருக்கும் பக்கம் நாடு முழுக்க எல்லோருக்கும் ஒன்றுதான். அதைப் பார்ப்பவர் எந்த ஊர்க்காரர் என்பது பணம் கட்டும் கட்டத்தில்தான் வரிக் கணக்குக்குள் வருகிறது. டவுன்லோடு என்பதால் பார்சல் போய்ச் சேரும் இடமும் இல்லை. எனவே கார்டுக்கு பில் வரும் முகவரியை, பெரும்பாலும் அதிலுள்ள ஜிப் கோடை வைத்து ஊரை முடிவு செய்கிறார்கள். அதே விளையாட்டை ஓரிகனின் போர்ட்லாண்டில் இருப்பவர் வாங்கினால் 69.99 மட்டும்தான், அந்த மாநிலத்தில் விற்பனை வரியே இல்லை. நியூயார்க் நகரவாசிக்கு 8.875 சதவீதம்: மாநிலத்துக்கு 4, நகரத்துக்கு 4.5, உள்ளூர்ப் போக்குவரத்துக்கென்று 0.375. அவர் கட்டுவது 76.20. தேசிய விளம்பரத்தில் இத்தனையையும் எப்படிப் போடுவது? வரி சேர்க்காத விலையைப் போடுவதே கடைக்கு வசதி. விலை மலிவாகத் தெரிவதும் அதற்குக் கசக்காது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

சதவீதங்களைவிட எனக்குச் சுவாரசியமாக இருந்தது வேறு. டவுன்லோடு செய்த விளையாட்டு ஒரு பொருளா, இல்லையா? அமெரிக்க விற்பனை வரிகள் பெரும்பாலும் 1930-களின் பொருளாதார நெருக்கடியில் பிறந்தவை. அன்றைக்கு விற்பனை என்றால் சட்டையும் சட்டியும்தான். கண்ணால் பார்க்கலாம், எடை போடலாம், தொடலாம். சட்டமும் அந்தச் சொற்களிலேயே எழுதப்பட்டது. கம்பி வழியே வரும் விளையாட்டை யார் எடை போடுவது? டெக்சாஸ் இதற்கு எளிதாக வழி கண்டது. தொட்டுணரக்கூடிய பொருள் எது என்று வரையறுக்கும் அதன் சட்டப் பிரிவே, கணினி நிரலும் அதில் அடக்கம் என்று சொல்லிவிடுகிறது. தொட முடியாததைத் தொட முடியும் என்று சட்டம் சொல்லிவிட்டால் அப்புறம் விவாதம் ஏது!

கலிஃபோர்னியா நேர் எதிர். அங்கே வரி தொட்டுணரும் பொருளோடு நிற்கிறது. விளையாட்டை இணையத்தில் இறக்கிக்கொண்டால் வரி இல்லை, 69.99 கட்டினால் போதும். அதையே டிஸ்க்காகக் கடையில் வாங்கினால், அந்த மாநிலத்தின் மிகக் குறைந்த வரியான 7.25 சதவீதத்திலேயே 75.06 ஆகிவிடும். பல நகரங்களில் இன்னும் கூடும். விளையாட்டு ஒன்றுதான், அதை உருவாக்கிய நிறுவனமும் ஒன்றுதான். வித்தியாசம் ஒரு வட்டத் தகடு மட்டுமே.

"முன்னெல்லாம் ஆன்லைன்ல வாங்கினா டாக்ஸே இருக்காதே" என்றார் அத்தான். அவர் நினைவு சரிதான். வெளிமாநிலத்து விற்பனையாளருக்குத் தங்கள் எல்லைக்குள் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாவிட்டால், வரி வசூலித்துத் தரும்படி மாநிலங்கள் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1992-ல் குவில் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதற்காக வரியே இல்லை என்று அர்த்தமில்லை. வாங்கியவர் தாமாகக் கணக்கெழுதி 'பயன்பாட்டு வரி' என்று கட்ட வேண்டும். அப்படிக் கட்டிய ஒருவரையும் அத்தானுக்குத் தெரியாதாம். 2018 ஜூனில் வேஃபேர் என்ற இணைய நிறுவனத்துக்கும் தெற்கு டகோட்டா மாநிலத்துக்கும் நடந்த வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் பழைய தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. கட்டடம் இல்லாவிட்டாலும் மாநிலத்துக்குள் கணிசமாக விற்றால் போதும், வரியை வசூலித்துத்தான் ஆக வேண்டும். அடுத்தடுத்து மாநிலங்கள் இன்னொரு சட்டமும் கொண்டுவந்தன. பலருடைய சரக்கை ஒரே தளத்தில் விற்றால், வசூலிக்கும் பொறுப்பு அந்தத் தளத்துக்கே. அதனால் விளையாட்டை எழுதிய சின்னக் குழு ஊர் ஊராக வரிக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை. விற்கும் கடை பார்த்துக்கொள்ளும். அந்த 5.77-ம் கடைக்குச் சேராது, அரசுக்குப் போகும்.

ஐரோப்பாவில் இந்தத் திடுக்கிடல் இல்லை. அங்கே காட்டும் விலைக்குள்ளேயே வரி இருக்க வேண்டும். 69.99 யூரோ என்று போட்டால் ஜெர்மானியரும் ஹங்கேரிக்காரரும் அதையேதான் கட்டுவார்கள். ஆனால் ஜெர்மனியில் வரி 19 சதவீதம், ஹங்கேரியில் 27. வரி போக விற்பவர் பக்கம் நிற்பது ஜெர்மனியில் 58.82, ஹங்கேரியில் 55.11. இடத்துக்கு இடம் வரி மாறும் சுமை அங்கே விற்பவர் தலையில், அமெரிக்காவில் வாங்குபவர் தலையில்.

முகவரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால் கோளாறும் அங்கேதான் வரும். வீடு மாறிய பிறகு கணக்கில் பழைய முகவரியே கிடந்தால் பழைய ஊரின் வரி விழும். ஒரே ஜிப் கோடு இரண்டு நகரங்களில் பரவிக் கிடப்பதும் உண்டு. அப்போது பக்கத்து ஊர் வரி நம் ரசீதில் ஏறலாம். ரசீதில் வரித்தொகையை விலையால் வகுத்து, வரும் சதவீதம் நம் ஊருடையதுதானா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஓரிகன் முகவரியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று அக்கா மகனுக்குப் பள்ளித் தோழன் ஒருவன் யோசனை சொல்லியிருக்கிறான். அக்கா முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. பொய் முகவரி போட்டாலும் டெக்சாஸ்காரருக்குப் பயன்பாட்டு வரி என்ற கடன் தீராது.

கிஃப்ட் கார்டு வாங்கியபோது என்னிடம் வரி கேட்காததற்கும் காரணம் உண்டு. கார்டு சரக்கு இல்லை, வேறு வடிவத்தில் இருக்கும் பணம். அதற்கும் வரி போட்டு, அதை வைத்து வாங்குவதற்கும் போட்டால் இரண்டு முறை வசூலித்ததாகிவிடும். அதனால் எழுபது டாலர் கார்டு எழுபது டாலராகவே கணக்கில் ஏறுகிறது. 69.99 விளையாட்டுக்கு அது போதாது என்பதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

குறைந்தது 5.76. ஆனால் அந்தக் கடையில் பத்து டாலருக்குக் குறைவாகக் கணக்கில் சேர்க்க முடியாது. பத்து போட்டேன். விளையாட்டு இறங்கத் தொடங்கியது, மிச்சம் 4.24 என்று காட்டியது. இரவு தூங்கப் போகும் முன் மறுபடி வந்தான். அந்த விளையாட்டில் குதிரைக்குப் புது சேணம் ஒன்று 3.99-க்கு இருக்கிறதாம். "இந்தத் தடவை டாக்ஸையும் போட்டுப் பாத்துட்டேன் மாமா" என்று காகிதத்தை நீட்டினான். மொத்தம் 4.32. எட்டு சென்ட் குறைந்தது.