‘ஹேவ்’ கொண்டுவரும் வினை

மாலை ஆறு மணிக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அன்றைய வேலை நிலவரம் ஏறுகிறது: “ஐ ஹேவ் வென்ட் டு த சைட் எஸ்டர்டே. ஹி செண்டட் த பில். வி ஹேவ் ரோட் டு த வெண்டர்.” மூன்று வரியிலும் வினைச்சொல் சறுக்கியிருக்கிறது. ஆனால் விஷயம் புரிந்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை. அதே வரிகள் அப்படியே ஒருநாள் வாடிக்கையாளருக்கான மின்னஞ்சலிலும் போய் உட்கார்ந்துவிடும்.

மூன்றும் ஒரே வகைத் தவறு அல்ல. ‘செண்டட்’ என்பது விதியை அளவுக்கு மீறி நம்பியதன் விளைவு. இறந்தகாலம் என்றால் ‘எட்’ சேர்க்க வேண்டும் என்பது பெரும்பாலான ஆங்கில வினைகளுக்குப் பொருந்தும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் ‘கோ’வுடன் ‘எட்’ ஒட்டிப் பேசிய பிறகுதான் ‘வென்ட்’டில் நிலைபெறுகிறார்கள். நமக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ‘அனுப்பு’, ‘அனுப்பினான்’ இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களில் மாறுவது கடைசி எழுத்து மட்டும்தான். மெல்ல ஒலிப்பது வன்மையாக ஒலிக்கும். வண்டி, நண்டு என்று மூக்கொலியை அடுத்த டகரத்தை மென்மையாகவே சொல்லிப் பழகிய நாவுக்கு இரண்டும் ஒன்றுதான். இறந்தகாலம் காதில் விழவில்லையே என்று கூடவே ஒரு ‘எட்’டையும் சேர்த்துவிடுகிறோம்.

மற்ற இரண்டு வரிகளில் சொல் சரி, இடம்தான் தவறு. ‘கோ – வென்ட் – கான்’, ‘ரைட் – ரோட் – ரிட்டன்’ என்று பள்ளியில் பாடமாக ஒப்பித்த மூன்று கட்டம் நினைவிருக்கும். இரண்டாம் கட்டச் சொல் தனியாக நிற்கும். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ முன்னே வந்தால் மூன்றாம் கட்டச் சொல்தான் வர வேண்டும். ஒப்பித்தோமே தவிர, எந்தக் கட்டத்தை எங்கே வைப்பது என்று பலருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ‘வாக்ட்’ போன்ற சொற்களில் இரண்டு கட்டமும் ஒன்றே என்பதால் குட்டு வெளிப்படுவதும் இல்லை. எழுது, போ, பேசு, கொடு, எடு, பார், செய் ஆகியவற்றின் ஆங்கில வினைகளில்தான் மாட்டிக்கொள்கிறோம். அன்றாடம் அதிகம் புழங்குபவையும் அவைதான்.

இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதல்ல. ‘எழுதினோம்’ முற்று, ‘எழுதியிருக்கிறோம்’ என்பதில் ‘இரு’வுக்கு முன் நிற்பது ‘எழுதி’ என்ற எச்சம். யாரும் ‘எழுதினோம் இருக்கிறோம்’ என்று சொல்வதில்லை. ‘வி ஹேவ் ரோட்’ ஏறக்குறைய அதுதான்.

ஆங்கிலேயர்களே ஒரு காலத்தில் இப்படி எழுதியவர்கள் என்பது நமக்குச் சின்ன ஆறுதல். 1762இல் ராபர்ட் லௌத் தன் இலக்கண நூலில் இந்தக் கலப்பைக் கண்டித்தபோது, மில்டன் உள்ளிட்ட பெரிய எழுத்தாளர்களையும் விட்டுவைக்கவில்லை. இன்றும் சில வட்டாரப் பேச்சில் ‘ஹேவ் வென்ட்’ உண்டு. அலுவலக எழுத்தில்தான் அது செல்லாது.

சரி, ‘வென்ட்’டை எடுத்துவிட்டு ‘கான்’ போட்டால் முடிந்ததா? இல்லை. “ஐ ஹேவ் கான் டு த சைட்” என்றால் பொதுவாகப் போனவர் இன்னும் திரும்பவில்லை என்று பொருள். மாலையில் மேசையில் உட்கார்ந்து இப்படி எழுதினால் மேலாளர் குழம்புவார். மேலும் ‘எஸ்டர்டே’ என்று நாள் சொல்லிவிட்டால் அங்கே ‘ஹேவ்’ நிற்காது. தமிழில் “நேற்றே அனுப்பியிருக்கேன்” என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலம் அதை அனுமதிப்பதில்லை. நம்முடைய பல தவறுகள் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

அந்த நிலவரத்தைத் திருத்தினால் இப்படி வரும்: “ஐ வென்ட் டு த சைட் எஸ்டர்டே. ஹி சென்ட் த பில். வி ஹேவ் ரிட்டன் டு த வெண்டர்.” கடைசி வரியில் நாள் இல்லை, கடிதம் போய்விட்டது, பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்ற இன்றைய நிலையைச் சொல்கிறது. அதனால் அங்கே ‘ஹேவ்’ பொருத்தம். ‘ஆன் மண்டே’ என்று சேர்த்தால் “வி ரோட்” ஆகிவிடும்.

எழுத்துப்பிழை காட்டும் வசதியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ‘செண்டட்’ அகராதியில் இல்லாத சொல் என்பதால் அடியில் சிவப்புக் கோடு விழும். ‘வென்ட்’, ‘ரோட்’ இரண்டும் நல்ல சொற்கள். எழுத்தை மட்டும் பார்க்கும் வசதி அவற்றைக் கண்டுகொள்ளாது.

அனுப்பும் முன் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வரும் வரிகளை மட்டும் ஒருமுறை பாருங்கள். முடிந்துபோன நாளோ நேரமோ இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு இரண்டாம் கட்டச் சொல்லைப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த சொல் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றாட நிலவரத்துக்குப் பெரும்பாலும் இரண்டாம் கட்டமே போதும்.