பவுண்டு சரிந்தால் 147 கோடி எங்கே போகும்?

2008 ஜூனில் டாடா மோட்டார்ஸ், ஃபோர்டிடமிருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கியது. அன்றிலிருந்து இங்கிலாந்தில் பவுண்டில் எழுதப்படும் ஒரு கணக்கு, மும்பையில் ரூபாய்க் கணக்கோடு சேர வேண்டியதாயிற்று.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தார்கள், பவுண்டு சரிந்தது. 2016 மார்ச் இறுதியில் சுமார் 95 ரூபாயாக இருந்த ஒரு பவுண்டு, அடுத்த மார்ச் இறுதியில் ஏறத்தாழ 81 ரூபாய். தொழிற்சாலையில் எதுவும் உடையவில்லை, ஒரு காரும் காணாமல் போகவில்லை. ஆனாலும் தாய் நிறுவனத்தின் புத்தகத்தில் சொத்து மதிப்பு குறைந்தது.

அந்த விலைகளையே வைத்து ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்திய நிறுவனம் ஒன்றுக்கு இங்கிலாந்தில் துணை நிறுவனம் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் அதன் நிகரச் சொத்து 10 கோடி பவுண்டு. 95 வீதம் 950 கோடி ரூபாய். ஆண்டு முழுவதும் 1 கோடி பவுண்டு லாபம். லாபம் ஒரே நாளில் வருவதல்ல என்பதால் ஆண்டின் சராசரி விலையில், 88 என்று கொண்டால், 88 கோடி ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,038 கோடி.

ஆனால் சொத்தையும் கடனையும் ஆண்டின் கடைசி நாள் விலையில்தான் மாற்ற வேண்டும். 11 கோடி பவுண்டை 81ஆல் பெருக்கினால் 891 கோடிதான். மீதி 147 கோடி எங்கே?

இந்தியக் கணக்கியல் தரநிலை 21 இதை லாப நட்டக் கணக்கின் லாபத்தில் கழிக்க விடுவதில்லை. இது வியாபாரத்தில் வந்த நட்டமல்ல, யாருக்கும் கொடுத்த பணமும் அல்ல. அளவுகோல் மாறியதால் வந்த வித்தியாசம். அதனால் லாபத்துக்குக் கீழே ‘பிற விரிவான வருமானம்’ என்ற பகுதியில் காட்டப்பட்டு, அங்கிருந்து பங்குதாரர் நிதியில் ‘அந்நியச் செலாவணி மாற்று இருப்பு’ என்ற தலைப்பில் சேர்கிறது. ‘இருப்பு’ என்ற பெயரைப் பார்த்துப் பெட்டியில் பணம் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. பவுண்டு ஏறினால் இந்த எண் நேர்மறையாகும், இறங்கினால் எதிர்மறையாகும், அவ்வளவுதான்.

பலரும் சறுக்கும் இடம் வேறு. துணை நிறுவனத்தின் அன்றாட வியாபாரமே எந்தப் பணத்தில் நடக்கிறது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பணம் அல்லாத வேறு பணத்தில் அது கடன் வாங்கியிருந்தால், அதில் வரும் வித்தியாசம் பொதுவாக நேரே லாப நட்டக் கணக்குக்கே போகும். இரண்டையும் குழப்பினால் லாபமே தவறாகிவிடும்.

அந்த 147 கோடி அங்கேயே நிரந்தரமாக உறங்குவதும் இல்லை. துணை நிறுவனத்தை விற்கும் நாளில், அதுவரை சேர்ந்த முழுத் தொகையும் லாப நட்டக் கணக்குக்கு வந்துவிடும். எனவே வெளிநாட்டில் துணை நிறுவனம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்கை வாங்குபவர்கள், ஆண்டறிக்கையில் பங்குதாரர் நிதி விவரத்தைத் திறந்து அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.